சுருக்கத்துக்குள் ஜூன் 12 எப்படி வந்தது?

கேள்வி: நீண்ட செய்திகளை மொழி மாதிரியிடம் கொடுத்துச் சுருக்கி வாங்குகிறேன். அது சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், கரூர்

பதில்: மேட்டூர் அணைச் செய்தி ஒன்றைக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘பாசனத்துக்கு நீர் திறக்கும் தேதி இன்னும் முடிவாகவில்லை’ என்கிறது செய்தி. சுருக்கமோ ‘ஜூன் 12-இல் திறக்கப்படும்’ என்கிறது. வழக்கமாகத் திறக்கும் நாள் அதுதான். பழைய செய்திகளில் திரும்பத் திரும்பப் படித்ததை மொழி மாதிரி இங்கேயும் எழுதிவிடுகிறது. ஊரறிந்த உண்மைபோல இருப்பதால்தான் இந்தப் பொய் கண்ணில் படாமல் தப்புகிறது.

ஆகவே ‘இது உண்மையா?’ என்று கேட்காதீர்கள். ‘செய்தியில் எந்த வரியில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதார வரியை அப்படியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த வரியையே கற்பனையாகத் தரவும் கூடும் என்பதால், மூலச் செய்தியில் நீங்களே Ctrl+F போட்டுத் தேடுங்கள். கிடைத்தால் எண், பெயரோடு வினைமுற்றையும் ஒப்பிடுங்கள். தமிழ் வாக்கியத்துக்கு உயிர் வாலில் இருக்கிறது: ‘திறக்கப்படலாம்’ என்பது ‘திறக்கப்படும்’ என்று மாறினால், அதை நம்பி ஒருவர் நாற்றங்கால் போட்டுவிடுவார்.

இந்தச் சோதனை, சேர்த்ததைப் பிடிக்கும்; விட்டதைப் பிடிக்காது. அதற்கு மூலச் செய்தியைக் கடைசிப் பத்தி வரை படித்தே ஆக வேண்டும்.