பத்தாம் தேதிக்குள்

கீழ்க்கட்டளை ஏரிப் பக்கம் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அக்கா, மகனின் பள்ளிச் சுற்றறிக்கையை நீட்டினார். முழுக்க ஆங்கிலம். “படிச்சு தமிழ்ல எழுதிக் குடு தம்பி.” எனக்குள் உறங்கிய தமிழ்ப் புலவர் விழித்துக்கொண்டார்.

சுற்றறிக்கையில் இருந்த போனஃபைடை ‘மெய்ந்நம்பிக்கைச் சான்றிதழ்’ ஆக்கினேன். அக்கா அதையே மனப்பாடம் செய்து பள்ளி ஜன்னலில் கேட்க, கிளார்க் அம்மா, “அது கோயில்ல குடுப்பாங்க” என்றாராம்.

அடுத்து கட்டணம். ‘இரண்டு தவணையாக ரூ.2,400’ என்று சுருக்கமாக எழுதினேன். மொத்தமே 2,400தான், தவணைக்கு 1,200. அக்காவோ தவணைக்கு 2,400 என்று கணக்குப் போட்டு, நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

கெடுவில் இன்னும் அழகு. ‘10ஆம் தேதிக்கு முன்’ என்றேன். மூலத்திலோ பத்தாம் தேதியும் சேர்த்தி. நான் சொன்னபடி பார்த்தால் ஒன்பதோடு கதவு மூடியது. ‘10ஆம் தேதிக்குள்’ என்றாலும் பத்து உண்டா இல்லையா என்று சண்டை வரும்.

கடைசியில் புலவரைத் தூங்க வைத்துவிட்டு மறுபடி எழுதினேன்: “மொத்தம் ரூ.2,400. முதல் தவணை ரூ.1,200. ஜூன் 10, மாலை 3 மணி வரை கட்டலாம். 11ஆம் தேதியிலிருந்து நாளுக்கு ரூ.50 அபராதம். ஜன்னலில் ‘போனஃபைட்’ என்று கேளுங்கள். பையன் இங்கே படிக்கிறான் என்ற சான்று அது.”

அக்கா படித்துவிட்டுச் சொன்னார்: “இதுதான் தமிழ். முன்னாடி எழுதுனது எந்த பாஷை?”