மானியத்துக்கு முன்பணமாம்லா!

வாலே மருமவனே, திண்ணையில உக்காரு. உன் மொட்டமாடியில கரண்டு விளையப் போவுதாமே, ஊரே பேசுது. வந்தவன் கழுத்துல அட்டை, அட்டையில நாலு சிங்கம், உச்சி வெயில்ல டை வேற. டை கட்டினவன்கிட்ட இல்லைன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வரும்? பாவம்.

"அஞ்சு கிலோவாட்டுக்கு ஒன்றரை லட்சம் மானியம், இன்னைக்குத்தான் கடைசி, அஞ்சாயிரம் ரொக்கம் கட்டினா பேரு ஏறிரும்"னானாம். கிலோவாட்டுக்கு முப்பதாயிரம்னு எங்கேயோ கேட்டிருக்கான், அஞ்சால பெருக்கிட்டான். பெருக்கல்ல தப்பில்லை. ஆனா 2024ல வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத்தான் 30,000 வீதம். மூணாவதுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000. அதுக்கு மேல அஞ்சு போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000தான். அப்போ மிச்சம் 72,000? அதை அவன் கைக்காசுல தாரான் போல. தர்மபிரபு! நீ கால்ல விழாம விட்டதுதான் தப்பு.

சரி, அந்த மானியம் எப்போ வரும்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. pmsuryaghar.gov.inல உன் கரண்டு இணைப்பு நம்பரை வச்சு நீயே விண்ணப்பம் போடலாம், காசு கிடையாது. அங்க பதிவான கம்பெனியில ஒண்ணை நீதான் பிடிக்கணும். அவன் தகடு மாட்டி, மின்வாரியத்துக்காரங்க வந்து பாத்து, நெட் மீட்டர் வச்சு, ஓடுதுன்னு சான்று ஏறின பெறவுதான் மானியம். அதுவும் டைக்காரன் பைக்கு இல்லை, உன் பாங்குக் கணக்குக்கு. உன் மாடியில இன்னும் வத்தல்தான் காயுது, அதுக்குள்ள மானியத்துக்கு முன்பணமா?

யோக்கியமான கம்பெனியும் முன்பணம் கேப்பான், அது வேற. அது தகடுக்கும் இன்வெர்ட்டருக்கும். ஒப்பந்தம் எழுதி, கம்பெனிப் பேருல உள்ள கணக்குல வாங்கி, ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் குடுப்பான். இவன் மாதிரிக்குக் குடுத்த ரசீதைத்தான் காட்டினியே, அதுல ரப்பர் ஸ்டாம்பு மட்டும் ரெண்டு இருக்கு. நல்ல அழுத்தமா குத்தியிருக்கான், அதையும் சொல்லணும்.

சாயந்திரம் வாரான்லா, "தம்பி, மொத்த மானியமும் வந்ததும் உமக்கு அஞ்சாயிரம் இல்லை, பத்தாயிரமாவே தாரேன்"னு சொல்லிப் பாரு. மானியம் வரும்னு நம்புதவன் காத்திருப்பான். இவன் இருக்க மாட்டான். போறப்போ ஆதார் நகலும் ஓடிபியும் கேப்பான், அதையும் குடுத்துராதே.

உன் சின்ன மாமியார் ஏற்கெனவே பணம் குடுத்திட்டாளாமே. ரசீதோட போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லு. போன்ல அனுப்பியிருந்தா 1930க்கு இப்பவே கூப்பிடணும். பணம் கை மாறுததுக்குள்ள சொன்னாத்தான் பாங்கு நிறுத்தப் பாக்கும்.