விவரங்கள் நேரில்

(மணப்பாறையில் முறுக்கு வியாபாரம் செய்யும் ஒருவர், தாம் எழுதிய விளம்பரத்தைப் படித்துக் காட்டும் பொருட்டு, பலகார பாக்கெட்டுகள் அச்சிடும் கூடமொன்றில் நெடுங்காலம் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவரின் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கிறார். பாராட்டை எதிர்பார்த்து வந்தவருக்கு இதுவரை கிடைத்தது காபி மட்டுமே.)

வியாபாரி: கேளுங்கள், அண்ணா. "புகழ்பெற்ற முறுக்கு நிறுவனத்துக்குக் கற்பனை வளமும் கலையார்வமும் தியாக சிந்தையும் படைத்த டிசைனர் ஒருவர் ஒப்பந்த முறையில் உடனே தேவை. ஒரு சிறிய பாக்கெட் மட்டுமே. ஊதியம் திறமைக்கேற்ப. வேலை மிக அவசரம். விருப்பமுள்ளோர் எங்கள் பாக்கெட்டையே மாதிரியாக வரைந்து அனுப்புக. விவரங்கள் நேரில்." எப்படி?

மேஸ்திரி: நடை நன்றாக இருக்கிறது, தம்பி. ஊதியத்தைப் பற்றிய உண்மை முழுவதையும் அந்தத் 'தியாக சிந்தை' ஒன்றே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இருக்கட்டும், அந்த ஒரு சிறிய பாக்கெட் எத்தனை கிராம்?

வியாபாரி: 100, 200, 500 என்று மூன்று அளவு.

மேஸ்திரி: முறுக்கு எத்தனை வகை?

வியாபாரி: சாதா, மிளகு, பூண்டு. இருந்தாலென்ன, எல்லாம் ஒரே முறுக்குதானே!

மேஸ்திரி: வாய்க்கு ஒரே முறுக்கு, வரைகிறவருக்கு 9 பாக்கெட், முன்னும் பின்னுமாக 18 முகங்கள். ஒன்று என்று எண்ணி விலை பேசி வந்த மனிதர், வேலையின் நடுவில் ஒன்பதைக் கண்டு உம்மோடு மனஸ்தாபம் கொண்டு போய்விடுவார். நீரும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரத்தையே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவீர். அது கிடக்கட்டும், இவற்றை எந்த முறையில் அச்சிடப் போகிறீர் என்று விளம்பரத்தில் காணோமே?

வியாபாரி: அது அச்சுக்கூடத்தின் கவலை அல்லவா? டிசைனருக்கு அந்தக் கவலை எதற்கு?

மேஸ்திரி: பிலிம் சுருளில் கிரேவியூர் முறையில் அச்சிடும்போது ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே ஒரு சிலிண்டர் பொறிக்க வேண்டும் என்பதையும், அந்த சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் உம்முடைய மடியிலிருந்துதான் பணம் போகும் என்பதையும் அறிந்தால் இப்படிக் கேட்கமாட்டீர். 6 வண்ணம் வைத்து 9 பாக்கெட்டையும் தனித்தனியே வரைந்துவிட்டால் 54 சிலிண்டர். விஷயம் தெரிந்த டிசைனரோ, 5 வண்ணங்களை மூன்று வகைக்கும் பொதுவாக நிறுத்தி, சாதாவுக்குப் பழுப்பு, மிளகுக்குக் கறுப்பு, பூண்டுக்கு ஊதா என்று ஆறாவது வண்ணத்தை மாத்திரம் மாற்றி, வகைக்கு வகை வேறுபடும் எழுத்துகளையெல்லாம் அந்த ஆறாவது வண்ணத்திலேயே அடக்கிவிடுவார். அப்போது ஓர் அளவுக்கு ஐந்தும் மூன்றும் எட்டு. மூன்று அளவுக்கும் சேர்த்து 24 சிலிண்டரோடு தீர்ந்தது. இதை முதல் நாளே சொல்லாமல், முடிந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் சொன்னீரானால், அவர் அடியிலிருந்து மறுபடி வரைய வேண்டியதுதான்.

வியாபாரி: (காபியைக் கீழே வைத்து) சரி, அச்சு முறையை எழுதிக்கொள்ளுகிறேன். ஆனால் தொகையை மட்டும் வெளியிடமாட்டேன். சொன்னால் அத்தனையையும் கேட்டுவிடுவார்களே! என் மனத்தில் இருப்பது 5,000.

மேஸ்திரி: வெளியிடாவிட்டால் நடப்பதைச் சொல்லுகிறேன். கைதேர்ந்தவர், இது பேரம் பேசிப் பொழுதைப் போக்குகிற இடம் என்று எண்ணிப் பேசாதிருந்துவிடுவார். எழுதுகிறவர்களில் ஒருவர் 2,000 என்பார், மற்றொருவர் 80,000 என்பார்; இருவர் சொல்வதும் நியாயமே, ஏனெனில் இருவரும் வெவ்வேறு வேலையை மனத்தில் கற்பனை செய்துகொண்டு எழுதியவர்கள். மூல வடிவம் ஒன்றுக்கு 12,000 என்றும், அதைப் பார்த்து அளவும் வகையும் மாற்றும் மற்ற 8 பாக்கெட்டுக்குத் தலைக்கு 1,500 என்றும் எழுதும். ஆக 24,000. அதில் 8,000 முன்பணம், மூல வடிவம் நிச்சயமானதும் 8,000, கோப்புகளை ஒப்படைக்கும்போது மீதி 8,000. திருத்தம் இரண்டு முறை.

வியாபாரி: இரண்டே முறையா? என் மைத்துனர் ஒருவரே நாலு முறை அபிப்பிராயம் சொல்லுகிறவர் ஆயிற்றே!

மேஸ்திரி: அவருடைய அபிப்பிராயங்களை வீட்டிலேயே கேட்டுத் தொகுத்து ஒரே கடிதமாக அனுப்பும். பாக்கெட்டில் ஒரு மயில் வரைந்திருந்தால், அதன் நீலத்தைச் சற்றுக் குறைப்பது திருத்தம். மயிலை எடுத்துவிட்டு உம்முடைய பாட்டியின் படத்தைப் போடுவது புது வேலை, அதற்குத் தனிக் கூலி. இன்னொரு சங்கதியையும் சேர்த்துக்கொள்ளும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு அமர்ந்திராமல் வெளியிலிருந்து வேலை செய்கிறவரின் வடிவமைப்பில் உரிமை பொதுவாக அவரிடமே நிற்கும். அதை எழுத்து மூலம் கையொப்பமிட்டு மாற்றிக்கொடுக்கவேண்டும், காலம் குறிக்காமல் விட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். பணம் கொடுத்தேனே என்று பிறகு அங்கலாய்ப்பதில் பிரயோஜனமில்லை. சரி, 'மிக அவசரம்' என்றால் எத்தனை நாள்?

வியாபாரி: மூன்று நாள். தீபாவளி வருகிறதே!

மேஸ்திரி: தீபாவளி ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. பின்னாலிருந்து எண்ணும். பண்டிகைக்கு 15 நாள் முன்னதாகச் சரக்கு கடைகளில் இருக்கவேண்டும். சிலிண்டர் பொறித்து, அச்சிட்டு, லாமினேஷன் ஒட்டி, பாக்கெட் வந்து சேர 30 நாள் என்று உம்முடைய பாக்கெட்காரரே சொல்லியிருக்கிறார். ஆகவே 45 நாள் முன்னதாகக் கோப்பு முடிந்திருக்க வேண்டும். டிசைனருக்கு 21 நாள் கொடும். ஆனால் அந்த 21 நாள், நீர் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த அன்றுதான் தொடங்கும் என்றும் எழுதிவிடும்.

வியாபாரி: நான் என்ன கொடுக்க வேண்டும்? முறுக்கு வேண்டுமானால் ஒரு கிலோ அனுப்புகிறேன்.

மேஸ்திரி: முறுக்கை அனுப்பும், தடையில்லை. அதோடு உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும், எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்திய சேர்மானப் பட்டியலையும், ஆய்வுக்கூடம் கொடுத்த ஊட்டச்சத்துக் கணக்கையும் அனுப்பும். கொழுப்பு எத்தனை கிராம் என்பதைக் கற்பனை வளத்தால் நிரப்ப முடியாது. தேதியும் தொகுதி எண்ணும் அன்றன்றைக்கு அடிக்கப்படுவன. அவற்றுக்கு வெற்றிடம் விடவேண்டும் என்பதையும் சொல்லிவிடும்.

வியாபாரி: மாதிரியையாவது என் இஷ்டப்படி விடுங்கள். பத்துப் பேர் நம் பாக்கெட்டையே வரைந்து அனுப்பினால் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாமே.

மேஸ்திரி: உம்முடைய கடைக்கு ஒருவர் வந்து, கல்யாணத்துக்கு ஆயிரம் முறுக்கு வேண்டும், பத்துக் கடைக்காரரும் தலைக்கு ஆயிரம் சுட்டு அனுப்புங்கள், ருசி பிடித்த ஒருவருக்கு மட்டும் பணம் தருவேன் என்றால் அடுப்பைப் பற்றவைப்பீரா?

வியாபாரி: (சற்று நேரம் மௌனமாக இருந்து) ஒரு முறுக்கு வேண்டுமானால் கடித்துப் பார்க்கக் கொடுப்பேன்.

மேஸ்திரி: அவரும் அதையே கொடுப்பார். ஏற்கெனவே அச்சாகிக் கடைக்கு வந்த பாக்கெட் மூன்றைக் கேளும். கணினிப் படம் மட்டும் போதாது, அச்சான பொருளின் புகைப்படமும் வேண்டும். பின்பக்கத்துப் பொடித் தமிழ் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாரும். படத்தில் மயில் ஆடும். அச்சிலோ எழுத்துரு மாறிக் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் தாம் செய்த பங்கு எது என்று அவர் ஒரு வரியும் எழுதட்டும். எல்லாம் ஒரே பி.டி.எஃப். கோப்பாக, 5 எம்.பி.க்கு உட்பட்டதாக, மின்னஞ்சலில், இன்ன தேதிக்குள் என்று முடித்துவிடும்.

வியாபாரி: (எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கியவர் திரும்பி) அண்ணா, சீரக முறுக்கும் ஒன்று போட்டால் என்ன என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. ஒரே ஒரு வகைதான். அதையும் அந்த 24,000-க்குள்ளேயே...

மேஸ்திரி: (பென்சிலைத் தேடி எடுத்து) 12 பாக்கெட், 28,500. உட்காரும், தம்பி.