தலைப்பு அனுப்பியாயிற்று, பாடத்தை முடியுங்கள்

வாழ்க பாடத்திட்டக் கோப்பு! ராஜபாளையத்து ஆசிரியர் கைப்பேசியிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியர் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கு: உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். எட்டே வரி. பக்கத்தில் மாதத்தின் பெயர். அடியில், 'முடித்த விவரத்தை உடன் அனுப்புக'. இதைத் தட்டச்சு செய்த பெருமக்களுக்கு விரல் வலித்திருக்கும், பாவம்.

கல்யாணப் பத்திரிகையை நீட்டி 'இதைப் பார்த்துச் சமைத்துவிடு' என்றால் சமையல்காரர் கரண்டியைத் தூக்குவார். வாத்தியார் எதைத் தூக்குவது? தூக்கினால் 17பி வரும்.

அந்த எட்டில் 'அளவியல்' என்ற ஒன்றை மட்டும் பிரித்துப் பார்ப்போம். உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம், இடைக்கண்டம், இணைந்த உருவங்கள் எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கின்றன. கூம்பின் சாயுயரம் காண பிதாகரஸ் தெரிய வேண்டும். இடைக்கண்டத்தின் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வடிவொத்த முக்கோணங்கள் தெரிய வேண்டும். அவை வடிவியலில் இருக்கின்றன. அதை நடத்தாமல் இதற்கு வந்தால் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைத் தவிரப் பிள்ளைக்கு வேறு வழியில்லை. எது எதற்கு முன்னால் வர வேண்டும், எதற்கு எத்தனை பீரியடு என்று கோப்பு சொல்லாது. வட்டத்தின் பரப்பே மறந்துபோன பையனுக்கு முதல் இரண்டு பீரியடு எதில் போகும் என்பதும் அதற்குத் தெரியாது.

அடுத்தது, பிள்ளைகள் செய்யும் பிழை. ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ., சாயுயரம் 25 செ.மீ. கொண்ட கூம்பின் கன அளவைக் கேளுங்கள். சரியான விடை 1232 கன செ.மீ. ஒரு பிள்ளை 3696 என்று எழுதினால், மூன்றில் ஒரு பங்கை மறந்திருக்கிறது. 1283 சொச்சம் என்றால், உயரம் இருக்க வேண்டிய இடத்தில் சாயுயரத்தைப் போட்டிருக்கிறது. 4928 என்றால், விட்டத்தை ஆரம் என்று நினைத்திருக்கிறது. மூன்றும் தவறுதான், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. சாயுயரத்தைப் போட்ட பிள்ளைக்குச் சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் சொல்வது வீண். காகிதக் கூம்பைக் கையில் கொடுத்து, உச்சியிலிருந்து செங்குத்தாக ஒரு குச்சியை இறக்கிக் காட்ட வேண்டும். எந்தப் பிழை என்று விடையே காட்டிக்கொடுக்கும்படி கேள்விக்கான எண்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான் பாடம் தயாரிப்பது. கோப்பிலே அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

ராஜபாளையம் மில்லுப் பிள்ளைக்கு 'கோன்' என்றால் நூல் சுற்றியது. கணக்குப்படி அது கூம்பே அல்ல, உச்சி வெட்டப்பட்ட இடைக்கண்டம். ஒரு காலிக் கோனை மேசையில் வைத்தால் பாதிப் பாடம் நடந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வாணலியைக் காட்டி, 'இது அரைக்கோளமா?' என்று கேட்கலாம். ஆழம் ஆரத்துக்குச் சமமாக இல்லை என்று ஒரு பிள்ளை அளந்து சொன்னால், சூத்திரம் எங்கே பொருந்தாது என்பதும் புரிந்துவிட்டது. இந்த ஊரையும் இந்தப் பிள்ளைகளையும் எந்தத் தலைப்பும் அறியாது. அறிந்தவர் ஆசிரியர். அவரையோ மதிய உணவுக் கணக்கும் எமிஸ் பதிவுமாக உட்கார வைத்திருக்கிறோம்.

தலைப்பைக் கூட்டிக் கழிக்கும் திருவிளையாடலை 2021இல் நாடே பார்த்தது. கொரோனாவுக்குப் பின் ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளைத் திறந்தார்கள். பாடத்தைக் குறைத்துப் பட்டியலும் விட்டார்கள். மாதக்கணக்கில் பள்ளிக்கே வராத பிள்ளை எதை மறந்தது என்று கண்டுபிடித்து, விட்ட இடத்தை ஒட்டவைக்கும் வேலை வழக்கம்போல ஆசிரியர் தலையில். பிப்ரவரி 25 அன்று 9, 10, 11 வகுப்புகளில் எல்லோரும் தேர்ச்சி என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. பட்டியலும் முடிந்தது, பரீட்சையும் முடிந்தது. மறந்த வட்டத்தின் பரப்பு மட்டும் மறந்தபடியே அடுத்த வகுப்புக்கு ஏறியது.

இந்த இரண்டு ஊரும் இருப்பது, தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டு முதலிடம் வாங்கிய விருதுநகர் மாவட்டத்தில். அந்தப் பெருமைக்கு மாலை போட மேடையில் இடம் போதாது. தலைப்புக்கும் விடைத்தாளுக்கும் நடுவில் உழைத்தவருக்குத் தயாரிப்புக்கென்று வாரத்தில் ஒரு பீரியடு கேட்டால், கால அட்டவணையில் இடமே இல்லை.

மேலிடத்துப் பெரியோரே, ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே நான்கு வரி சேருங்கள்: முன்னால் தெரிய வேண்டியது, பீரியடு எத்தனை, பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடம், அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கேள்வி. அது முடியாதென்றால், அதைச் செய்கிறவருக்கு நேரமாவது கொடுங்கள். இரண்டையும் செய்யாமல் 'போர்ஷன் முடிந்ததா?' என்று கேட்கும் தகுதி உங்களுக்கு இல்லை.