மூன்று தாள்களும் ஒரு பெட்டியும்

1980-களில் தஞ்சாவூரில் வேலைக்கு மனுப் போடுகிறவர் மூன்று தாள்களை இணைத்து அனுப்புவார். முதல் தாள் விண்ணப்பக் கடிதம். ‘இன்ன தேதி நாளிதழில் வந்த தங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன், விண்ணப்பிக்கிறேன்’ என்று அது முழுக்கத் தன்மையில் போகும். இரண்டாவது தாள் பயோடேட்டா. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, படிப்பு, முன் அனுபவம் என்று இடப்பக்கம் தலைப்பும் வலப்பக்கம் விவரமும் இருக்கும். கடைசி வரியில் வரும் உறுதிமொழியைத் தவிர அதில் வினைச்சொல்லே கிடையாது. மூன்றாவது, பள்ளியோ கல்லூரியோ கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ். ‘இவர் இங்கே பயின்றார், இவரது நடத்தை நன்று’ என்று அது படர்க்கையில் இருக்கும்.

தஞ்சாவூரில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் லோயரும் ஹையரும் முடித்துவிட்டு அங்கேயே ஜாப் டைப்பிங் பார்த்தேன். ரெமிங்டனிலும் ஹால்டாவிலும் இந்தத் தாள்களை அடித்துக்கொண்டே இருந்தோம். யார் பேசுகிறார்கள், எந்தக் காலத்தில் பேசுகிறார்கள் என்ற குழப்பம் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. அதற்குக் காரணம் எங்கள் இலக்கண அறிவு அல்ல. ‘நான்’ என்று பேச ஒரு தாள், விவரத்துக்கு ஒரு தாள், பிறர் நம்மைப் பற்றிச் சொல்ல ஒரு தாள் என்று இடம் பிரிந்து இருந்ததுதான்.

நௌக்ரி 1997-இலும் லிங்க்ட்இன் 2003-இலும் வந்தன. இன்று வேலை தேடும் பிள்ளைகள் எழுதும் சுயவிவரச் சுருக்கத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு பெட்டி. லிங்க்ட்இன்னில் அதன் பெயர் About, கொள்ளளவு 2,600 எழுத்து. கடிதம், பயோடேட்டா, சான்றிதழ் மூன்றும் அந்தப் பெட்டிக்குள் ஒன்றாக இறங்குகின்றன. திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வரும் சுருக்கங்களில் பத்துக்கு எட்டில் ஆளும் காலமும் குழம்பிக் கிடக்கும் கோளாறு இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவன். வேளாண்மை டிப்ளமா படித்தவன், என்னை அத்தை என்று கூப்பிடுவான். இரண்டு பருவம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தான். இப்போது ஒரு தனியார் அரிசி ஆலையில் தரம் பார்க்கிறான். அவன் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்த சுருக்கத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “தம்பி, இதை அப்படியே தமிழில் சொல்லு” என்றேன். வரிக்கு வரி அவன் சொன்னது இது:

“நெல் தரக்கட்டுப்பாட்டில் அனுபவம் மிக்கவர். கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராகப் பணிபுரிகிறேன். நெல்லின் ஈரப்பதத்தைச் சோதிக்கிறார், மூட்டை எடையைச் சரிபார்த்தேன். அரிசி ஆலையில் நொய் விகிதத்தைக் கணக்கிட்டேன். புதிய மாதிரிப் பதிவேட்டை உருவாக்குகிறேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. தமிழில் வினைமுற்றின் கடைசி அசை ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஒவ்வொரு வினையையும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் பிழையே இல்லை. அதனால்தான் கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தி ஒரு சிவப்புக் கோடும் போடாமல் விட்டிருந்தது. பிழை வினைக்குள் இல்லை, ஒரு வினைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்தது.

முதலில் இடத்தைச் சரிசெய்தோம். பெட்டிக்கு மேலே அவன் பெயரும் படமும் இருக்கின்றன. எழுதியவன் அவன்தான் என்பது படிப்பவருக்குத் தெரியும். அங்கே ‘இவர் அனுபவம் மிக்கவர்’ என்று எழுதினால், சான்றிதழைத் தானே எழுதிக்கொண்டது போல ஆகிவிடுகிறது. கருத்தரங்க அழைப்பிதழிலோ, நிறுவனத்தின் அறிமுகப் பக்கத்திலோ படர்க்கை பொருந்தும். வேலைத் தளத்தில் தன்மையே சரி. ஆங்கிலத்தில் அதை ‘ஐ’ என்ற சொல்லோடும் எழுதலாம், அதை விட்டுவிட்டு வினையிலேயே தொடங்கியும் எழுதலாம். இரண்டும் வழக்கத்தில் உள்ளவை. ஒன்றைத் தேர்ந்தால் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

‘ஐ’ வேண்டாம் என்று விடுகிறவர்கள் ஓரிடத்தில் தவறாமல் சிக்குகிறார்கள். ‘நான் சோதிக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ டெஸ்ட்’. ‘ஐ’ போனால் மிஞ்ச வேண்டியது ‘டெஸ்ட்’ மட்டும்தான். பையன் ‘டெஸ்ட்ஸ்’ என்று எழுதியிருந்தான். வாலில் ஒட்டிய அந்த ஒற்றை எஸ், வாக்கியத்தைப் படர்க்கைக்குக் கொண்டுபோய்விடுகிறது. ‘டெஸ்ட்டட்’ என்று இறந்தகாலத்தில் எழுதும்போது இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் தன்மைக்கும் படர்க்கைக்கும் அதே வடிவம்தான். ஆகவே இடப்பிழையைத் தேடுகிறவர்கள் நிகழ்கால வினைகளின் வாலை மட்டும் பார்த்தால் போதும்.

காலத்தில்தான் எங்களுக்கு அதிக நேரம் ஆனது. டெல்டாவில் வேலையே பருவத்தைப் பிடித்துப் போகிறது. குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் களத்துக்கு வரும், சம்பா தை, மாசியில் வரும். கொள்முதல் நிலையங்கள் அந்தந்தச் சமயத்தில் திறக்கும், வரத்து நின்றதும் மூடும். பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர் ஆகியோரை நுகர்பொருள் வாணிபக் கழகம் பருவகாலப் பணியாளர்களாக எடுக்கிறது. “அடுத்த சம்பாவுக்கும் கூப்பிடுவாங்க அத்தை. அதனாலதான் பணிபுரிகிறேன்னு போட்டேன்” என்றான்.

அவன் சொன்ன நியாயம் எனக்குப் பிடித்தது, ஆனால் ஏற்கவில்லை. சுருக்கத்தைப் படிக்கிற மேலாளர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். நிகழ்காலத்தைப் பார்த்ததும், இவன் இன்று அந்த வேலையில் இருக்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார். அடுத்த வரியில் அரிசி ஆலையும் நிகழ்காலத்தில் வந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலையா, எது உண்மை என்ற கேள்வி எழும். மூடிய பருவம் இறந்தகாலம். மறுபடி கூப்பிடக்கூடும் என்பது எதிர்பார்ப்பு, அதை வினையில் ஏற்றக்கூடாது. ‘பருவகாலப் பணி’ என்ற சொல்லையும் எந்தெந்த ஆண்டின் பருவம் என்பதையும் சேர்த்துவிட்டால், இடையில் ஏன் மாத இடைவெளி என்ற சந்தேகமும் தீர்ந்துவிடும்.

ஆலை வேலையில் இதற்கு நேர்மாறான தவறு. இன்றும் தினமும் செய்வதை ‘கணக்கிட்டேன்’ என்று முடித்துவைத்திருந்தான். படிப்பவருக்கு அவன் ஆலையை விட்டு விலகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இப்போதைய வேலைக்குள்ளும் எல்லாமே நிகழ்காலம் ஆகிவிடாது. மாதிரிப் பதிவேட்டை அவன் ஒரு முறை உருவாக்கினான், அது முடிந்தது. அதற்கு இறந்தகாலம். அந்தப் பதிவேட்டில் நாள்தோறும் பதிகிறான், அதற்கு நிகழ்காலம். ‘இன்று காலையும் இதைச் செய்தாயா, நாளையும் செய்வாயா?’ என்று ஒவ்வொரு வினையையும் கேட்டுப் பார்த்தோம். இரண்டுக்கும் ஆம் என்றால் நிகழ்காலம், இல்லையென்றால் இறந்தகாலம்.

திருத்திய பின் அவன் சுருக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “நெல், அரிசித் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். தற்போது தனியார் அரிசி ஆலையில் நெல்லின் ஈரப்பதத்தைச் சோதிக்கிறேன், நொய் விகிதத்தைக் கணக்கிடுகிறேன், முடிவுகளைப் பதிவேட்டில் எழுதுகிறேன். அந்தப் பதிவேட்டின் படிவத்தை நானே உருவாக்கினேன். அதற்கு முன் இரண்டு சம்பாப் பருவங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருந்தேன். 17% ஈரப்பத வரம்பைச் சரிபார்த்தேன், 40 கிலோ மூட்டைகளுக்குப் பட்டியல் போட்டேன்.” ‘அனுபவம் மிக்கவர்’ என்ற சொல் தானாகவே உதிர்ந்துவிட்டது. 17 சதவீத வரம்பைத் தெரிந்தவன் என்பதே அனுபவத்தைச் சொல்லிவிடுகிறது.

மிச்சம் இருந்தது நிறுத்தற்குறி. எங்கள் பயிலகத்தில் முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி, காற்புள்ளிக்குப் பின் ஒன்று என்பது விதி. தட்டச்சுப்பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால் வாக்கியம் முடிந்தது கண்ணில் பட அந்த இரட்டை இடைவெளி தேவைப்பட்டது. கணினி எழுத்துருவில் அதற்கு வேலை இல்லை. ஆனால் அப்பாவின் பழைய மனுவிலிருந்து கொஞ்சம், நண்பன் வாட்ஸாப்பில் அனுப்பிய மாதிரியிலிருந்து கொஞ்சம் என்று எடுத்து ஒட்டும்போது, ஒரு பத்தியில் இரட்டை இடைவெளியும் அடுத்ததில் ஒற்றையும் வருகின்றன. மேற்கோள்குறி ஓரிடத்தில் வளைந்தும் ஓரிடத்தில் நேராகவும் நிற்கிறது. எது ஒட்டியது, எது சொந்தம் என்பதைக் கூர்ந்து படிப்பவர் இதைக்கொண்டே சொல்லிவிடுவார். சுருக்கத்தை ஒரு சொற்செயலியில் வைத்து Ctrl+F அழுத்தி, தேடல் பெட்டியில் இரண்டு முறை இடைவெளிப் பட்டையைத் தட்டித் தேடினால் இரட்டை இடைவெளிகள் எல்லாம் அகப்படும்.

வரிவரியாகப் பட்டியலிட்டு எழுதும்போது முடிவில் முற்றுப்புள்ளி வைப்பதா வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். அச்சில் இரண்டும் செல்லும். வேலைத் தளத்துக்கு நான் வைக்கத்தான் சொல்கிறேன். சில படிவங்களில் ஒட்டியதும் வரிமுறிவு காணாமல்போய், எல்லா வரிகளும் ஒரே பத்தியாகச் சேர்ந்துவிடுகின்றன. புள்ளி இருந்தால் அப்போதும் வாக்கியங்கள் பிரிந்து நிற்கும். பையன் மூன்று வரிக்குப் புள்ளி வைத்து இரண்டு வரிக்கு வைக்காமல் விட்டிருந்தான். இதைப் பிடிக்கச் சுருக்கத்தைப் படிக்கவே கூடாது. கடைசி வரியிலிருந்து மேலே ஏறியபடி ஒவ்வொரு வரியின் இறுதிக் குறியை மட்டும் பார்க்க வேண்டும். பொருளைப் படிக்கத் தொடங்கினால் கண் குறியைத் தாண்டிப் போய்விடும்.

வினைக்கு ஒரு தடவை, இடத்துக்கு ஒரு தடவை, குறிக்கு ஒரு தடவை என்று தனித்தனியே பார்ப்பதுதான் என் முறை. மூன்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்க என்னால் முடிந்ததில்லை, முடிகிறவரையும் நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. அன்று ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மனுவைப் புதிதாக அடித்தோம். அடிக்கும்போதே பழைய வேலை பழையதாகிவிடும், வயது கூடும், முகவரி மாறும். மூன்று கார்பன் நகல் எடுத்து வைத்தாலும் அவை தீர்ந்ததும் மறுபடி உட்கார வேண்டும். அந்தச் சிரமத்தில் ஒரு திருத்தமும் தானாக நடந்தது. இன்று ஒரு முறை ஏற்றிய சுருக்கம் வருடக்கணக்கில் தளத்தில் கிடக்கிறது. எழுதிய நாளில் சரியாக இருந்த ‘சோதிக்கிறேன்’, ஆலையை விட்டு வந்த மறுநாள் பொய்யாகிவிடுகிறது. யாரும் எதையும் தொடாமலே அதில் பிழை விழுந்துவிடுகிறது.

வேலை மாறும் நாளில் பழைய இடத்தில் சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கிறீர்கள் அல்லவா? அன்று மாலையே தளத்தைத் திறந்து, அந்த வேலைக்கு உரிய நிகழ்கால வினைகளையெல்லாம் இறந்தகாலமாக மாற்றிவிடுங்கள்.