கொஞ்சம் இடதுபக்கம்

என் அக்கா மகன் கல்யாண ஆல்பம் போடுகிறவன். அவன் வேகத்துக்கு மாப்பிள்ளையின் முகப்பரு மட்டுமல்ல, சில சமயம் மூக்கே காணாமல் போகும். அவனிடம்தான் ஆச்சியின் வேலையைக் கொடுத்தேன். காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்து ஆச்சி. 1958-இல் அண்ணன் கல்யாணத்தன்று வீட்டு முகப்பில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வைத்திருந்தார். இடதுபாதியில் அந்தக் கல்யாணக் கூட்டம், வலதுபாதியில் இன்றைய வீடு, நடுவில் தையல் தெரியக் கூடாது. அவ்வளவுதான் கேட்டார்.

"காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன் மாமா" என்று பையன் பைக்கில் போய் வீட்டைச் செல்போனில் எடுத்துவந்தான். ஃபோட்டோஷாப்பில் பழைய படத்தின் மேல் புதியதைப் போட்டுப் பாதி தெரியும்படி மங்கலாக்கினான். தூண் பொருந்தினால் வாசல் விலகியது. வாசலை இழுத்தால் தாழ்வாரம் வளைந்தது. இருட்டுவதற்குள் ஆச்சியின் வீடு, லாரி ஏறிய தகரப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

செட்டிநாட்டு வீட்டில் ஒரு வசதி உண்டு. தெருவில் நின்றால் வாசலுக்குள் வாசலாகக் கொல்லைவரை நேர்கோட்டில் தெரியும். பழைய படத்தில் உள்வாசல், வெளிவாசலின் நடுவில் இல்லை. சற்று இடப்புறம் ஒதுங்கியிருந்தது. பையன் படத்தில் கச்சிதமாக நடுவில். 1958-இன் படக்காரர் எங்கே நின்றார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வெளிவாசலுக்கு முப்பதடி தள்ளி நிற்கிறோம், அதற்கு உள்ளே நாற்பதடியில் அடுத்த வாசல் என்று வையுங்கள். நாம் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால், உள்வாசலும் வெளிவாசலுக்குள் ஏழு அங்குலம் இடப்பக்கம் நகர்ந்து தெரியும். கணினியில் படத்தை எப்படி இழுத்தாலும் இரண்டு வாசலும் சேர்ந்தேதான் நகரும். கால்தான் நகர வேண்டும்.

"ஓரடிக்காக மறுபடியும் போகணுமா மாமா?"

போனான். நானும் போனேன். வாசல்கள் பொருந்தின, திண்ணை பொருந்தவில்லை. பழைய படத்தில் திண்ணையின் மேல்தளம் வெறும் கோடாகத் தெரிந்தது, பையன் எடுத்ததில் பாய் விரிக்கும் அளவுக்குப் பரந்து கிடந்தது. அந்தக் காலத்து இரட்டை லென்ஸ் கேமராவை வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுப்பார்கள். லென்ஸின் உயரமும் திண்ணையின் உயரமும் ஒன்றானால் மேல்தளம் தெரியாது. பையன் நடுத்தெருவில் முழங்காலிட்டான். எதிர்வீட்டுக்காரர், பையன் எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று விசாரித்தார்.

இம்முறை படங்களை அடுக்கி டிஃபரன்ஸ் முறையில் பார்த்தோம். அதில் இரண்டு படமும் ஒத்துப்போகும் இடமெல்லாம் கறுப்பாகும், ஒவ்வாத இடம் மட்டும் பளிச்சென்று நிற்கும். தூண், நிலை, உத்தரம் எல்லாம் இருண்டன. பையன் கைதட்டினான். ஆனால் சுவரில் சாய்வாக ஒரு வெளிச்சப் பட்டை மிச்சமிருந்தது. தாழ்வார நிழல். கல்யாணம் சித்திரை 12, காலை ஒன்பது மணி. நாங்கள் எடுத்தது ஆனியில், அதுவும் மதியம். ஒரு சுவரில் இரண்டு சூரியன் காய்ந்தால் தையலை எப்படி மறைப்பது?

சித்திரைக்கு இனி அடுத்த வருஷம்தான் என்று பையன் சோர்ந்தான். வடக்கே போகும் சூரியன் அதே வழியில்தானே திரும்பி வரும்? சித்திரை 12-இல் நிற்கும் இடத்துக்கு ஆவணி பிறக்கும்போது மறுபடியும் வந்துவிடும். ஆடி முழுக்கப் பையன் எங்கள் ஸ்டுடியோ நாட்காட்டியைக் கிழித்த வேகத்தில் இரண்டு தேதிகள் முன்கூட்டியே போயின.

ஆவணி முதல் தேதி காலை, அதே ஓரடி இடப்பக்கம், அதே முழங்கால். நிழல் பொருந்தியது. இரண்டு படத்துக்கும் எல்லைக்கோட்டைச் சுவரின் நடுவே கிழிக்காமல் தேக்குத் தூணின் விளிம்போடு அவனே கொண்டுபோனான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வெறும் சுவரில் நிறம் மாறினால் கண் உடனே பிடித்துக்கொள்ளும், தூண் விளிம்பில் எப்படியும் ஒரு கோடு இருக்கிறது.

ஆச்சி வந்தார். தையலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் நின்ற சித்தப்பாவைக் காட்டி, "இந்த ஆளை எடுத்துரு தம்பி" என்றார்.

பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சித்தப்பாவை மெல்ல மெல்ல அழித்தான். அவர் நின்ற இடத்தில் இன்றைய சுவர் வந்தது. மாப்பிள்ளையின் தோளில் கிடந்த கை மட்டும் போகவில்லை. "கைக்குப் பின்னாடி இருக்கிற சட்டை ரெண்டு படத்துலயும் இல்ல ஆச்சி. நூல் நூலா வரையணும். பத்து நாள் கொடுங்க" என்றான், பதறாமல்.

ஆச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தக் கையையே பார்த்தார்.

"கை இருக்கட்டும். கடன் வாங்குன கைதானே, அடையாளம் வேணும்."