படிக்காதவருக்கு ஒரு புத்தகம்

"எனக்கு வாசிப்பே ஆகாது" என்று தளவாய்புரத்து நண்பர் சொன்னால் அப்படியே நம்பிவிடக் கூடாது. டீக்கடை தினசரியில் வெட்டுக்குத்துச் செய்தியை ஒரு வரி விடாமல் படிப்பவரும் அவர்தான். அவருக்கு ஆகாதது எழுத்தல்ல, தடிமனும் அறிவுரையும். ஆகவே ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வ'னையோ, வாழ்வில் முன்னேற வழி சொல்லும் நூலையோ கொடுப்பது பரிசல்ல, தண்டனை. அவருக்கு ஏற்றது பூமணியின் 'வெக்கை' (1982). கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் எழுதிய சிறிய நாவல். பேச்சும் நம் கரிசல் பேச்சு. தொடக்கத்திலேயே பதினைந்து வயதுப் பையன் கொலை செய்துவிடுகிறான். இதைவிட விரைவாக எந்தத் தினசரியும் விஷயத்துக்கு வராது.

"அதுதான் 'அசுரன்' படமாக 2019லேயே வந்துவிட்டதே, கதை தெரியுமே?" என்பார். தெரிந்திருப்பதுதான் வசதி, பாதியில் விட்டாலும் முடிவு தெரியாத குறையில்லை. ஆனால், படத்தைத் தாங்குவது அப்பா. நாவல் போவது பையனோடு. அப்பாவின் இளமைக்காலக் காதலைத் தேடினால் புத்தகத்தில் கிடைக்காது. "படத்தில் இருப்பது இதில் இல்லையே" என்று அவர் குறைசொல்ல வந்தால் சண்டை பிடிக்க வேண்டாம். முழுவதும் படித்தவரால்தான் அந்தக் குறையைச் சொல்ல முடியும்.